பிரெஞ்சு உணவகத்தில் ‘நட்ஸ் அலெர்ஜி’ என்று எப்படிச் சொல்வது? ‘நுவா’ என்றால் போதுமா?

நிலாவின்_அம்மா | 2024 மார்ச் 3, காலை 8:40

மே மாதம் மூன்று வாரம் பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கப் போகிறோம். வீட்டுக்காரருக்கு அங்கே ஆபீஸ் வேலை. பகல் முழுக்க நானும் என் ஒன்பது வயது மகளும்தான் வெளியே சுற்றிச் சாப்பிட வேண்டும். மகளுக்கு முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது. நான்கு வயதில் ஒரு கல்யாண வீட்டில் காஜு கத்லி ஒரு வாய் கடித்தாள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடியதை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. அப்புறம் டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில் வேர்க்கடலை, பாதாம், வால்நட் மூன்றும் அவளுக்குச் சரி. முந்திரியும் பிஸ்தாவும் மட்டும் கூடவே கூடாது.

கோவையில் ஆறு மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். புத்தகத்தில் உணவகப் பாடம் இருந்தது, ஆனால் அலெர்ஜி பற்றி ஒரு வரிகூட இல்லை. அகராதியில் ‘நட்’ என்று தேடினால் ‘நுவா’ வருகிறது. அதை வைத்து நானே ஒரு வாக்கியம் கட்டினேன்: ‘மா ஃபிய் எத்தலெர்ஜிக் ஓ நுவா’, என் மகளுக்கு நட்ஸ் அலெர்ஜி. இது சரியா? ஆர்டர் செய்வது, பில் கேட்பது பற்றியும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மொன்றியல்வாசி | 2024 மார்ச் 3, மாலை 6:15

அக்கா, வாக்கியம் நல்ல வடிவாக இருக்கு. ‘நுவா’ போதும். இங்கே கனடாவில் சாப்பாட்டுப் பக்கெட்டுகளில் பிரெஞ்சுப் பக்கம் ‘நுவா’ என்று போட்டிருக்கிறதைக் காணலாம். முந்திரி, பிஸ்தா, பாதாம் எல்லாம் அதற்குள் அடக்கம். வேர்க்கடலைக்கு மட்டும் தனியாக ‘அராஷித்’. நான் பதினொரு வருசமாக இங்கே இருக்கிறன், யாருக்கும் விளங்காமல் போனதில்லை.

பில்லுக்கு ‘லா ஃபக்தியூர், சில் வு ப்ளே’. டிப்ஸ் 15 வீதம் வைக்க மறக்க வேண்டாம்.

லாசப்பல்_குசினி | 2024 மார்ச் 3, இரவு 11:50

தங்கச்சி, தயவுசெய்து அந்த வாக்கியத்தோடு லியோனுக்குப் போக வேண்டாம். தம்பி மொன்றியலில் இருந்து சொல்லுவது மொன்றியலுக்குச் சரி. பிரான்சுக்கு அது ஆபத்து.

நான் பாரிஸில் பதினாலு வருசம் உணவகக் குசினியில் நிற்கிறன். பாத்திரம் கழுவுறதில் தொடங்கி இப்ப சமையல். இங்கே வெறும் ‘நுவா’ என்று ஒருத்தர் சொன்னால் பரிமாறுறவருக்கு முதலில் மனதில் வருவது வால்நட் மட்டும்தான். சலாட்டில் போடுற அந்தச் சுருங்கின கொட்டை. அவர் குசினிக்கு வந்து ‘மேசை ஏழு, நுவா வேண்டாம்’ என்பார். நாங்கள் சலாட்டில் வால்நட்டை எடுத்துவிட்டு, வால்நட் எண்ணெயும் போடாமல் கவனமாக அனுப்புவோம். அதே மேசைக்குப் போகிற ஐஸ்கிறீமில் பிஸ்தாத் தூள் தூவி இருக்கும். யாரும் பிழை செய்யவில்லை, ஆனால் பிள்ளைக்கு ஆபத்து.

எல்லாக் கொட்டைகளையும் சேர்த்துச் சொல்ல இங்கே உள்ள சொல் ‘ஃப்ருயி ஆ கோக்’. உணவகங்களில் இருக்கிற அலெர்ஜிப் பட்டியலிலும் அதுதான் இருக்கும். ஆனால் உங்கள் பிள்ளைக்கு இரண்டு மட்டும்தான் ஆகாது என்றால், அந்த இரண்டின் பெயரையும் சொல்லுங்கள்:

‘மா ஃபிய் எத்தலெர்ஜிக் ஓ நுவா து கஜூ எ ஓ பிஸ்தாஷ்.’

கஜூ எங்கள் ஊரிலும் கஜுதான், பிஸ்தாஷ் பிஸ்தாதான். உங்களுக்கு மறக்கவே மறக்காது.

நிலாவின்_அம்மா | 2024 மார்ச் 4, காலை 7:05

அண்ணா, இதைப் படித்துவிட்டு இரவு சரியாகத் தூக்கமில்லை. கேட்காமல் போயிருந்தால் அந்த வாக்கியத்தைத்தான் நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். மிக்க நன்றி.

ஒரு சந்தேகம். ‘நுவா து கஜூ’ என்று சொல்லும்போதும் ‘நுவா’ வருகிறதே. அவர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டால்?

லாசப்பல்_குசினி | 2024 மார்ச் 4, மாலை 4:20

நல்ல கேள்வி. பிரெஞ்சில் ‘நுவா’ பல இடத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ‘நுவா து கொக்கோ’ தேங்காய். ‘நுவா து முஸ்காத்’ சாதிக்காய். ‘நுவா து சான் ஜாக்’ என்றால் கடல் சிப்பிக்குள் இருக்கிற வெள்ளைச் சதை. ‘நுவா து வோ’ கன்றுக்குட்டி இறைச்சியில் ஒரு துண்டு. அதனால் பின்னால் வருகிற சொல்லைத்தான் இங்கே எல்லாரும் கவனிப்பார்கள். நீங்கள் ‘கஜூ’வைத் தெளிவாகச் சொன்னால் போதும்.

‘நுவாஸெத்’ என்றும் ஒரு சொல் வரும். அது ஹேஸல்நட். ஆனால் மெனுவில் ‘பர் நுவாஸெத்’ என்று மீனோடு போட்டிருந்தால் அதில் கொட்டையே இல்லை. வெண்ணெயைச் சூடாக்கிப் பழுப்பு நிறம் வந்ததும் எடுத்த வெண்ணெய், அவ்வளவுதான். காபியில் ‘நுவாஸெத்’ என்றால் கொஞ்சம் பால் விட்ட சின்னக் காபி. ஆக, மெனுவில் பெயரைப் பார்த்து ஆபத்தைக் கணிக்க வெளிக்கிட்டால் இரண்டு பக்கமும் பிழைக்கும். பெயரில் இருக்கிற இடத்தில் கொட்டை இராது, இருக்கிற இடத்தில் பெயர் வராது. கேட்டால்தான் தெரியும்.

புதுவை_வாத்தியார் | 2024 மார்ச் 4, இரவு 8:30

அம்மா, புதுச்சேரியில் முப்பது ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ‘அலெர்ஜிக்’ என்பதற்குப் பின் வரும் சிறு சொல்லைக் கவனியுங்கள். பன்மைக்கு ‘ஓ’: ‘ஓ பிஸ்தாஷ்’. ஆண்பால் ஒருமைக்கும் ஒலி ‘ஓ’தான், எழுத்தில்தான் வேறுபாடு: ‘ஓ லே’, பாலுக்கு. பெண்பால் என்றால் ‘ஆ லா’: ‘ஆ லா முத்தார்த்’, கடுகுக்கு. ஆகவே உங்கள் வாக்கியத்தில் இரண்டு இடத்திலும் ‘ஓ’ சரியே.

அடுத்து, ஆர்டர் செய்யும்போது ‘ஜு வெ’ என்று சொல்லவே கூடாது. அது ‘எனக்கு வேணும்’ என்று குழந்தை அடம்பிடிப்பதுபோல் கேட்கும். ‘ஜு வுத்ரே’ என்று சொல்லுங்கள். தண்ணீருக்கு ‘யூன் கராஃப் தோ, சில் வு ப்ளே’. குழாய்த் தண்ணீரைக் கூஜாவில் தருவார்கள், காசு கிடையாது. வெறுமனே ‘தண்ணீர்’ என்றால் காசுள்ள பாட்டில் வந்துவிடும்.

பரிமாறுபவரை அழைக்க ‘கார்சோன்!’ என்று கூப்பிடலாம்.

லாசப்பல்_குசினி | 2024 மார்ச் 5, அதிகாலை 12:40

ஐயா சொன்ன எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் வேண்டாம். ‘கார்சோன்’ என்றால் பொடியன் என்று அர்த்தம். பழைய நாளில் கூப்பிட்டிருப்பார்கள். இப்ப அப்படிக் கூப்பிட்டால் அந்த மேசைக்குக் கடைசியாகத்தான் போவார்கள். கண்ணைப் பார்த்து, கையைக் கொஞ்சம் உயர்த்தி ‘சில் வு ப்ளே’ என்றால் போதும்.

உள்ளே நுழைந்ததும் ‘பொன்ஜூர்’, மாலை ஆன பிறகு ‘பொன்சுவார்’. இதைச் சொல்லாமல் நேராக ‘இரண்டு பேருக்கு மேசை’ என்று தொடங்கினால் முகம் மாறிவிடும். அலெர்ஜி மாதிரி ஒரு விசயத்தில் அவர்களுடைய உதவி வேண்டும் என்றால் இந்த ஒரு சொல்லை விடவே கூடாது.

புதுவை_வாத்தியார் | 2024 மார்ச் 5, காலை 6:10

உண்மை. நான் கற்றுக்கொண்டது 1960களின் பாடப்புத்தகத்தில். திருத்தியதற்கு நன்றி தம்பி.

மாம்பலம்77 | 2024 மார்ச் 5, காலை 10:25

நல்ல இழை. என் கேஸும் இதேதான். அப்பா, அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ஜூனில் பாரிஸ் போகிறோம். ‘இறைச்சி அலெர்ஜி’ என்றே சொல்லிவிட்டால் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள் இல்லையா? ‘வெஜிடேரியன்’ என்றால் மீன் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள் என்று நண்பன் சொன்னான்.

லாசப்பல்_குசினி | 2024 மார்ச் 5, இரவு 11:30

தம்பி, அது அலெர்ஜி இல்லை. அப்படிச் சொல்ல வேண்டாம். அலெர்ஜி என்று ஆர்டர் எழுதின துண்டு வந்தால் நாங்கள் பலகையைக் கழுவி, கத்தியை மாற்றி, வேறு சட்டியை எடுத்துச் செய்வோம். மத்தியானம் 12:30க்கு அறுபது பேர் இருக்கும்போது அது பெரிய வேலை. செய்து முடித்த பிறகு அதே மேசை இறைச்சிச் சாறு ஊற்றின ஒன்றைச் சந்தோசமாகச் சாப்பிடுறதை நான் பார்த்திருக்கிறன். ஐந்து தரம் அப்படி நடந்தால் ஆறாம் தரம் உண்மையான பிள்ளை வரும்போது கை தளர்ந்துவிடும். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வரும்.

நேராகச் சொல்லுங்கள்: ‘ஜு நு மான்ஜ் நி வியாந்த், நி புவாசோன், நி எஃப்’. இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை, முட்டையும் இல்லை. ‘வெஜெத்தாரியான்’ என்ற ஒரு சொல்லை விட இது நூறு மடங்கு தெளிவு. வெங்காய சூப்பை மட்டும் நம்ப வேண்டாம். அடியில் மாட்டெலும்புச் சாறு இருக்கும்.

மாம்பலம்77 | 2024 மார்ச் 6, காலை 9:00

புரிகிறது அண்ணா. ஆனாலும் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. வாழ்நாளில் தொட்டதில்லை. தெரியாமல் ஒரு வாய் போய்விட்டால் அவர் படும் வேதனை அலெர்ஜியை விடக் குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் இன்னும் யோசிக்கிறேன்.

மொன்றியல்வாசி | 2024 மார்ச் 6, மாலை 7:45

நான் முதலில் எழுதினதுக்கு மன்னிக்க வேணும் அக்கா. இங்கே ‘நுவா’ என்றால் எல்லாக் கொட்டையும்தான், அதில் மாற்றம் இல்லை. அங்கே வேறு என்று எனக்கு உண்மையாகத் தெரியாது. டிப்ஸும் அப்படியா?

லாசப்பல்_குசினி | 2024 மார்ச் 7, அதிகாலை 1:15

ஓம். இங்கே விலையிலேயே சேவைக் காசு சேர்ந்திருக்கும். பில்லில் ‘செர்வீஸ் கொம்ப்ரி’ என்று இருக்கும். மனம் நிறைந்தால் ஓரிரு ஒய்ரோ மேசையில் வைக்கலாம், வைக்காவிட்டாலும் ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பில்லுக்கு இங்கே ‘லாதிசியோன், சில் வு ப்ளே’.

தங்கச்சிக்கு இன்னும் ஒன்று. எப்போது சொல்லுவது என்பதும் முக்கியம். சாப்பாடு ஆர்டர் கொடுத்த பிறகு சொன்னால் துண்டு ஏற்கெனவே குசினிக்கு வந்துவிடும். மேசையில் இருந்ததும், மெனுவைத் திறக்க முன்னமே சொல்லுங்கள்:

‘அவான் து கொமாந்தே, ஜு வுத்ரே வு சின்யாலே யூன் அலெர்ஜி.’ ஆர்டர் கொடுக்க முன் ஒரு அலெர்ஜி பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

பிறகு பெயர்கள். பிறகு ‘செத்யூன் அலெர்ஜி க்ராவ்’, கடுமையான அலெர்ஜி. கடைசியாக: ‘எஸ்க் வு பூரியே வெரிஃபியே ஆன் க்விஸீன், சில் வு ப்ளே?’ குசினியில் கேட்டுப் பார்க்க முடியுமா? ‘க்விஸீன்’ வேறொன்றும் இல்லை, எங்கள் குசினிதான். எங்களுக்கு அந்தச் சொல் போர்த்துக்கீசரிடம் இருந்து வந்தது, ஆனால் ஒரே குடும்பம்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பெயரைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டு உள்ளே போனால் நல்லது. நின்ற இடத்திலேயே ‘நோர்மால்மான், நோன்’ என்று சொன்னால் அங்கே சாப்பிட வேண்டாம். பாடத்தில் ‘நோர்மால்மான்’ என்றால் வழக்கமாக என்று படித்திருப்பீர்கள். இந்த இடத்தில் அதற்கு ‘இருக்கக் கூடாதுதான், ஆனால் எனக்கு நிச்சயமில்லை’ என்று அர்த்தம்.

நிலாவின்_அம்மா | 2024 மார்ச் 9, இரவு 9:20

எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டேன். நிலாவும் நானும் தினமும் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்க்கிறோம். அவள் பரிமாறுபவள், நான் வாடிக்கையாளர். ‘நோர்மால்மான்’ என்று அவள் சொன்னதும் நான் எழுந்து போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். நேற்று மூன்று முறை எழுந்து போனேன்.

ஒன்று கேட்க வேண்டும். உணவகத்தில் எழுத்தில் ஒரு பட்டியல் இருக்குமா? அதைக் காட்டச் சொல்லலாமா?

லாசப்பல்_குசினி | 2024 மார்ச் 10, மாலை 3:50

இருக்க வேணும். 2015 ஜூலையில் இருந்து இங்கே சட்டம். 14 வகைப் பொருட்களில் எது எந்தச் சாப்பாட்டில் இருக்கு என்று எழுத்தில் வைத்திருக்க வேணும், கேட்டால் காட்ட வேணும். ‘எஸ்க் வு அவே லா லிஸ்த் தெ அலெர்ஜேன்?’ என்று கேட்கலாம்.

ஆனால் இரண்டு குறை. ஒன்று, பட்டியலில் பெரும்பாலும் ‘ஃப்ருயி ஆ கோக்’ என்று ஒரே கட்டம்தான். பாதாம் இருந்தாலும் அதே புள்ளடி, பிஸ்தா இருந்தாலும் அதே புள்ளடி. உங்களுக்கு எது என்று தெரிய வேணும். இரண்டு, ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு ஒட்டுகிற தூசி அதில் இராது. சின்ன இடங்களில் போன மாத மெனுவின் பட்டியல் அப்படியே கிடக்கும். பட்டியலைப் பாருங்கள், ஆனால் சமைக்கிற ஆளிடம் கேட்காமல் விட வேண்டாம்.

நிலாவின்_அம்மா | 2024 மே 9, இரவு 10:30

லியோனில் இருந்து எழுதுகிறேன். வந்து ஐந்து நாள் ஆகிறது. இன்று நடந்ததை உடனே எழுதிவிட வேண்டும்.

இங்கே ‘பூஷோன்’ என்று சொல்லும் பழைய பாணிச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. சிவப்புக் கட்டம் போட்ட மேசைத் துணி, நெருக்கமான மேசைகள். மத்தியானம் பன்னிரண்டுக்கே போய்விட்டோம், கூட்டம் வரும் முன். ‘பொன்ஜூர்’ இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். உட்கார்ந்ததும் அட்டையைப் பார்க்காமலே ‘அவான் து கொமாந்தே’ என்று ஆரம்பித்தேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அந்த அம்மாள் கையிலிருந்த மெனுவை மேசையில் வைத்துவிட்டு, குனிந்து கேட்டார். ‘கஜூ, பிஸ்தாஷ்’ என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

நிலாவுக்கு ‘சோசிசோன் பிரியோஷே’ வேண்டும் என்றாள். பிரியோஷ் ரொட்டிக்குள் வைத்துச் சுட்ட தடித்த தொத்திறைச்சி, இந்த ஊர்ப் பண்டம். படத்தில் பார்த்ததும் ஆசைப்பட்டுவிட்டாள். மெனுவில் அவ்வளவுதான் எழுதியிருந்தது. கொட்டை என்று ஒரு எழுத்து இல்லை. பன் ரொட்டியும் இறைச்சியும்தானே, இதில் என்ன இருக்கப் போகிறது என்று நானும் நினைத்தேன். ஆனாலும் ஒத்திகை பார்த்தபடி, குசினியில் கேட்கச் சொன்னேன்.

உள்ளே போனவர் சமையல்காரரையே கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கையில் வெட்டின தொத்திறைச்சி ஒரு துண்டு, சின்னத் தட்டில். இளஞ்சிவப்பு இறைச்சிக்கு நடுவில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். விரலால் காட்டி ‘பிஸ்தாஷ்’ என்றார். நிலா நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டாள். இந்த ஊர்த் தொத்திறைச்சியில் பிஸ்தா போடுவது வழக்கமாம். ஊர்க்காரர்களுக்கு அது தெரியும் என்பதால் மெனுவில் தனியாக எழுதுவதில்லை.

அதற்குப் பதில் ‘கெனெல்’ கொடுத்தார். மீனை மாவோடு சேர்த்துப் பிசைந்து, நீள உருண்டையாக்கி, சாஸில் விட்டுச் சுட்டது. சாஸில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கும் முன்பே அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். நிலா முழுதும் சாப்பிட்டாள். கடைசியில் ‘தார்த் ஓ ப்ராலின்’ என்று ஒரு சிவப்பு இனிப்புப் பண்டத்தைக் காட்டினார்கள். அதில் இருப்பது பாதாம் என்றார். பாதாம் அவளுக்கு ஆகும். ஆனால் அதே சமையலறையில் பிஸ்தாவும் நறுக்குகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு மனம் வரவில்லை. க்ரீம் ஊற்றிய தயிர்ப் பாலாடைக்கட்டி வாங்கிக் கொடுத்தேன்.

லாசப்பல்_குசினி | 2024 மே 10, அதிகாலை 12:55

வாசிக்கும்போதே நெஞ்சு அடித்தது தங்கச்சி. லியோன் தொத்திறைச்சியை நான் சொல்லியிருக்க வேணும். நான் பாரிஸில் நிற்கிறபடியால் அது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. ‘மொர்தாதெல்’லும் அப்படித்தான், குளிர் இறைச்சித் தட்டில் வரும். இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுடுகிற ‘பாத்தே ஆன் க்ரூத்’திலும் பிஸ்தா வரும். கஜூ என்றால் போத்தலில் வருகிற பச்சை ‘பெஸ்தோ’ சாஸ். மலிவானதில் பைன் கொட்டைக்குப் பதில் கஜூதான் அரைத்திருப்பார்கள். பாஸ்தா வாங்கிக் கொடுத்தால் கவனம்.

சமையல்காரர் தட்டோடு வெளியே வந்தார் என்றால் நீங்கள் சொன்ன விதம்தான் காரணம்.

நிலாவின்_அம்மா | 2024 மே 11, காலை 8:15

எழுதாமல் விட்ட ஒன்று, பில் விஷயம். சாப்பிட்டு முடித்தபோது மணி ஒன்றேகால். பில் வரும் என்று காத்திருந்தோம். ஒன்றரை. ஒன்றே முக்கால். பக்கத்து மேசைகளில் ஆள் மாறிவிட்டார்கள். எங்களை மறந்துவிட்டார்களோ, வெளிநாட்டுக்காரர்கள் என்று அலட்சியமோ என்றுகூடத் தோன்றியது. அது தவறு. இங்கே கேட்காமல் பில் வைப்பது ‘எழுந்து போங்கள்’ என்று சொல்வதுபோலாம், அதனால் வைக்க மாட்டார்கள். ‘லாதிசியோன், சில் வு ப்ளே’ என்றதும் இரண்டு நிமிடத்தில் சின்னத் தட்டில் வந்தது, கூடவே கார்டு மெஷின்.

இன்னொன்றும் நடந்தது. முதல் நாள் வேறொரு இடத்தில், ரொட்டிக் கூடையைக் காட்டி இன்னும் வேண்டுமா என்று கேட்டார்கள். நான் சிரித்து ‘மெர்சி’ என்றேன். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன்?

புதுவை_வாத்தியார் | 2024 மே 11, காலை 9:40

அம்மா, ஒன்றை நீட்டும்போது வெறும் ‘மெர்சி’ என்றால் ‘வேண்டாம், நன்றி’ என்று எடுத்துக்கொள்வதுண்டு. வேண்டும் என்றால் ‘வீ, ஜு வெ பியான்’ என்று சொல்லுங்கள். ‘ஜு வெ’ கூடாது என்று நானே சொன்னேன். ஆனால் ‘பியான்’ சேர்ந்தால் அது மரியாதையாக ஏற்பதாகிவிடும். இதை அப்போதே சொல்லாமல் விட்டது என் குறை.

வயிறு நிறைந்துவிட்டது என்பதையும் நம் வழக்கத்தில் மொழிபெயர்த்து ‘ஜு ஸ்வி ப்ளேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். சினைப்பட்ட பசுவுக்குச் சொல்லும் சொல் அது. ‘ஜே பியான் மான்ஜே’, நன்றாகச் சாப்பிட்டேன் என்பது போதும்.

மொன்றியல்வாசி | 2024 மே 11, மாலை 5:30

ஐயா, கடைசி வரியைப் படித்துவிட்டு அரை மணித்தியாலம் சிரித்தோம் வீட்டில்.

நிலாவின்_அம்மா | 2024 மே 17, இரவு 9:50

இன்று ‘நோர்மால்மான்’ கேட்டோம்.

ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு கடை. இளைஞர் ஒருவர், நல்ல சிரிப்பு, அவசரம். பாஸ்தா சாஸைப் பற்றிக் கேட்டேன். நின்ற இடத்திலேயே தோளைக் குலுக்கி ‘நோர்மால்மான், நோன்’ என்றார். நிலா என்னைப் பார்த்தாள். குசினியில் கேட்க முடியுமா என்று மறுபடியும் கேட்டேன். ‘சமையல்காரர் பிஸி, ஆனால் கவலைப்படாதீர்கள்’ என்றார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை, பதினைந்து மேசையை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் உட்கார முடியாது. வாத்தியார் ஐயா தனிமடலில் எழுதிக் கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன்: ‘தான் சு கா, ஓன் நு வா பா ப்ராந்த்ர் து ரிஸ்க். மெர்சி கான் மேம்.’ அப்படியானால் ஆபத்தில் இறங்க வேண்டாம், ஆனாலும் நன்றி. தண்ணீர் மட்டும் குடித்திருந்தோம், காசு கேட்கவில்லை. கதவு வரை வந்து வழியனுப்பினார்.

பழக்கடையில் வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டோம். அந்தச் சாஸில் முந்திரி இருந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியவே போவதில்லை. ஒன்றுமில்லாததற்குப் பயந்து குழந்தையைப் பட்டினி போட்டேனோ என்று இரவு வரை மனசு அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரரும் ‘கொஞ்சம் அதிகமோ’ என்றார்.

லாசப்பல்_குசினி | 2024 மே 18, அதிகாலை 1:05

அதிகம் இல்லை. அந்த நேரத்தில் அந்தப் பொடியனுக்கே தெரியாது. எழும்பி வந்தது சரி. அடுத்த முறை வேணுமென்றால் பின்னேரம் 3 மணிக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். அந்த நேரம் அடுப்பு ஓய்ந்திருக்கும், சமையல்காரரே கதைப்பார். எதற்கும் 15 என்ற இலக்கத்தைப் போனில் போட்டு வையுங்கள், இங்கே அவசர மருத்துவ உதவிக்கு அது. 112உம் வேலை செய்யும்.

மாம்பலம்77 | 2024 மே 18, காலை 11:10

அண்ணா சொன்ன ‘நி வியாந்த், நி புவாசோன், நி எஃப்’ அம்மாவுக்கே மனப்பாடமாகிவிட்டது. அலெர்ஜி என்று சொல்ல வேண்டாம் என்று அப்பா தீர்த்துவிட்டார். அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூன் 12 டிக்கெட். பார்ப்போம்.

நிலாவின்_அம்மா | 2024 மே 25, இரவு 8:40

நாளை ஊருக்குக் கிளம்புகிறோம். கடைசிச் சாப்பாட்டுக்கு அந்த பூஷோனுக்கே மறுபடி போனோம். அந்த அம்மாள் எங்களைக் கண்டதும் ‘பா து பிஸ்தாஷ்!’ என்று தானே சொன்னார். ஆர்டர் முழுக்க நிலா கொடுத்தாள். ‘ஜு வுத்ரே லா கெனெல், சில் வு ப்ளே.’ அப்புறம் யாரும் சொல்லித் தராமலே, ‘ஜு ஸ்வி அலெர்ஜிக்’ என்று ‘என் மகளுக்கு’ என்பதை ‘எனக்கு’ என்று மாற்றிச் சொன்னாள். எங்கள் அட்டையில் அந்த வாக்கியம் இல்லை. அவளாகச் செய்தாள். சமையல்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பில்லையும் அவள்தான் கேட்டாள், ‘லாதிசியோ’ என்று மூக்கிலேயே நிறுத்தி, என்னைவிட நன்றாக.

புதுவை_வாத்தியார் | 2024 மே 26, காலை 6:30

குழந்தைக்கு என் ஆசி. ‘ஜு ஸ்விஸ் அலெர்ஜிக்’ என்று ஒரு ‘ஸ்’ஸை இணைத்துச் சொன்னால் இன்னும் அழகு. இரண்டும் சரிதான்.

மொன்றியல்வாசி | 2024 மே 26, மாலை 7:20

அக்கா, எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மனைவி ‘பிரான்ஸ்: ஃப்ருயி ஆ கோக், கியூபெக்: நுவா’ என்று எழுதி ஒட்டியிருக்கிறா. ஓகஸ்ட்டில் பெல்ஜியம் போகிறோம். அங்கே எதைச் சொல்லுவார்கள் என்று யாருக்காவது தெரியுமோ?